வீட்டுக்கு ஒரு பை

அந்தக் குடும்பத்துச் சமீபத்திய ஆல்பங்கள் எதிலும் அண்ணியின் முகம் கிடையாது. பதினோரு விசேஷம், பதினோரு ஆல்பம். தேடித் தேடிப் பார்த்தால் ஒரே ஒரு படத்தில் ஓரமாக ஒரு முழங்கை தெரியும். அது அண்ணியுடையது. வெளியே போகிற யாருக்கோ தாம்பூலப் பை மாதிரி ஒரு பையை நீட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு அவளுக்கு. சாக்பீஸிலிருந்து நாற்காலி வரைக்கும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற வேலை. வீட்டின் மூத்த மருமகள் வேறு. கேட்க வேண்டுமா? விசேஷம் என்றால் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பரிசு அண்ணி தலையில். வாங்குவதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை கொழுந்தன் மனைவி வாசலில் நின்று கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு, மூன்று என்று வாரி விட்டதில் அறுபது பை குறைந்து, பெரியப்பா வெறுங்கையோடு போனார். ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அன்றைக்கு முடிவாகிவிட்டது: வாசலில் அண்ணிதான். அவள் நின்றால் ஒரு பை கூடாது, குறையாது. பாராட்டுத்தான். பாராட்டியே ஒருத்தியைப் பதினோரு விசேஷத்துக்கு வாசலில் கட்டிப்போட முடியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது பன்னிரண்டாவது. அவள் பெற்ற ஒரே மகளின் கல்யாணம்.

"இந்தத் தடவையாவது வேற யாராவது நிக்கட்டுங்க" என்றாள் கணவரிடம்.

"யாரு நிப்பா, சொல்லு? உனக்குத்தான் ஆள் தெரியும்" என்றார் அவர், செய்தித்தாளை மடிக்காமலே.

மகள் வந்து கேட்டாள். "அம்மா, நான் மேடையில இருக்கும்போது நீ என் பக்கத்துல நிப்பதானே?"

"பின்னே? எங்க போயிடப் போறேன்?" என்றாள். எங்கே போவோம் என்று அவளுக்கல்லவா தெரியும்!

அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. ஆள் நின்று கொடுத்தால்தானே இந்தத் தொல்லை? ஒவ்வொரு பையிலும் அந்தந்தக் குடும்பத்தின் பெயரை ஒட்டி மேஜையில் அடுக்கிவிட்டால் யார் வீட்டுப் பையை யார் தொடுவார்கள்?

மறுநாளே மொத்தக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

"வேணாங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உடையும்."

சுவரில் மாட்டுகிற பொம்மையைக் காட்டினார். "இது யார் வீட்டுப் பரணுக்கு?" என்றாள். கடைசியில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா. தினமும் கைபடுகிற சாமான். நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள், நெளியவில்லை. தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்து நூறு வரை எண்ணினாள். ஒரு சொட்டு இல்லை. தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டாள்.

"வர்ற சரக்கும் இதே எடை இருக்கணும். சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னா வண்டியோட திருப்பி அனுப்பிடுவேன்."

"உங்களைப் பத்தித் தெரியாதாம்மா?" என்று கும்பிட்டார் கடைக்காரர். "டப்பாவுலயே பொண்ணு மாப்பிள்ளை பேரு பொறிச்சிடலாமா?"

"பொறிச்சா மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்?"

"அப்ப வேணாம். பையில ஸ்டிக்கர் போதும்."

ஆளுக்கு ஒன்று என்றால் பட்ஜெட் தாங்காது, வீட்டுக்கு ஒன்று. இருநூற்று இருபது குடும்பம், சொல்லாமல் வருகிறவர்களுக்கு முப்பது, ஆக இருநூற்று ஐம்பது. அந்த எண்ணிக்கைக்கு விலை இன்னும் ஒரு படி இறங்கியது. நினைத்த தொகைக்குள் பையும் ஸ்டிக்கரும் அடங்கின. பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் ஒத்துக்கொள்ள வைத்தாள். ஸ்டிக்கருக்கான பட்டியலைக் கணினியிலிருந்து அப்படியே கடைக்கு அனுப்பினாள்.

டப்பாக்கள் ஒரு வாரம் முன்னதாகவே வந்தன. பெட்டிக்கு நாலு எடுத்து எடை பார்த்தாள், மூடி பார்த்தாள், நெளிந்த இரண்டை மாற்றினாள். பைகள் மட்டும் கல்யாணத்தன்று காலையில்தான் மண்டபத்துக்கு வந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்ட பரபரப்பில், பைக்குள் டப்பாவைப் போட்டு மேஜையில் அடுக்கும் வேலையை நாத்தனாரிடம் விட்டாள்.

கால் மணி நேரத்தில் நாத்தனாரின் குரல் மண்டபத்தையே தூக்கியது. "அண்ணி! இங்க வாங்க!"

ஓடினாள். முதல் பையில் ஒட்டியிருந்தது: 'பேரனுக்கு ஒண்ணு என்பார். பேரன் கிடையாது.' பக்கத்துப் பையில்: 'மூடி சரியில்லைன்னு மாத்தக் கேட்பாங்க.' அடுத்த நாலு பைகளில் ஸ்டிக்கர் வெறுமையாக இருந்தது.

அண்ணிக்கு உடனே புரிந்தது. பதினோரு விசேஷமாக அவள் வைத்திருந்த பட்டியல் அது. முதலில் பெயர், பிறகு எத்தனை பேர், கடைசியில் தனக்காக மட்டும் எழுதிவைத்த குறிப்பு. அந்தக் குறிப்பை அழிக்காமல் அனுப்பியிருக்கிறாள். கடையில் பெயரை விட்டுவிட்டு அதையே அச்சடித்துவிட்டார்கள், குறிப்பு இல்லாத குடும்பத்துக்கு வெறும் ஸ்டிக்கர். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து நூறு வரை எண்ணத் தெரிந்தவளுக்குத் தன் பட்டியலை ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லையே!

"கிழிங்க, எல்லாத்தையும் கிழிங்க" என்றாள். கணவரும் கை கொடுத்தார். ஆள் வருவதற்குள் ஸ்டிக்கர் எல்லாம் போயிற்று. மேஜையில் ஒரே மாதிரி இருநூற்று ஐம்பது பைகள் நின்றன.

கணவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "பேர் இல்லேன்னா இனி..." என்று இழுத்து, அவளைப் பார்த்தார். மேலே சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் கால்களே மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. மேடையிலிருந்து மகள் எட்டி எட்டி அவளைத் தேடுவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

நாத்தனார் மட்டும் நகரவில்லை. அவள் கையில் கிழிக்காத ஸ்டிக்கர் ஒன்று இருந்தது.

"இது நான்தானே அண்ணி?"

'அஞ்சு எடுப்பாள். தடுத்தால் அழுவாள்.'

நாத்தனார் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. ஸ்டிக்கரைச் சுருட்டி எறிந்தாள். அண்ணியின் தோளைப் பிடித்து மேஜையை விட்டு வெளியே தள்ளினாள்.

"போங்க மேடைக்கு. இன்னைக்கு இங்க நான் நிக்கிறேன். எவ எப்படிக் கேட்டு ரெண்டாவது வாங்குவான்னு என்னை விட யாருக்குத் தெரியும்? ஒரு பை குறைஞ்சா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

"ஏம்மா, நான் கோபத்துல எழுதினது..."

"உண்மையைத்தான் எழுதியிருக்கீங்க. போங்கன்னா!"

போனாள். மகள் அவள் கையைப் பற்றியவள் விடவே இல்லை.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தார்கள். மேஜையில் பதினாறு மிச்சம். வந்த குடும்பங்கள் இருநூற்று முப்பத்து நாலு. அப்பழுக்கில்லாத கணக்கு. நாத்தனார் தனக்கு ஒன்றே ஒன்றுதான் எடுத்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. மகள் பக்கத்திலேயே அண்ணி இருக்கிறாள், முழு முகமாக, ஒன்றில் இல்லை, முப்பது படங்களில். மகள் சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறார், கணவர் கூடக் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறார். அண்ணி மட்டும் முப்பது படத்திலும் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.