மூன்று பிரதிகள்

புதன்கிழமை காலை கம்பெனி வேனை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். கேட்டில் போன் அடித்தது. எடுத்துப் பேசிய வாட்ச்மேன் ரிசீவரை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"சார், நம்ம தேவா சார் பூட்டாராம் சார். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி புட்ச்சுகினு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

அந்த நொடியில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இனி அவருடைய நாற்காலி எனக்குத்தான் என்று ஓடியது. அதற்கு அப்புறம்தான் கண் கலங்கியது. வரிசை மாறியிருக்கக் கூடாது, ஆனால் அப்படித்தான் வந்தது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி இதை மட்டும் விட்டுவிட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. தேவசகாயம் படப்பைக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் வண்டிகளுக்கான தகட்டுச் சாமான்கள் அடிக்கும் எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தார். அடித்து வரும் சாமானை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது என் வேலை. ஏழு வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் 'தேவா சார்', அவருக்கு நான் வெறும் 'சம்பந்தம்'.

சேர்ந்த முதல் மாதத்திலேயே என் வயிற்றெரிச்சல் ஆரம்பமாகிவிட்டது. நான் லைன் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். அவர் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் ஆட்களில் யார் வீட்டில் இந்த வாரம் நடவு என்பதுகூட அவருக்குத் தெரியும், அதற்கேற்ப ஷிப்டை மாற்றிப் போடுவார். மத்தியானம் அவர் டப்பாவைத் திறந்தால் நாலு கை நீளும். என் டப்பாவை நான் ஒருவனே தின்று முடிப்பேன். நான் சொன்னால் அது ரூல். அதையே அவர் சொன்னால் நியாயம். இந்த வித்தியாசம் ஏன் என்று யோசித்து யோசித்து நான் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஒருமுறை அவரிடமே கேட்டேன். "எப்படி சார் உங்களுக்கு மட்டும் எல்லாரும் ஒத்து வராங்க?"

"நீ அளவு பாக்கறப்போ மூஞ்சியையும் சேத்து அளக்கற சம்பந்தம். அவனுக்கு பயமா கீது," என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் வருஷக்கணக்கில் அதை மறக்கவில்லை.

இந்த வருஷம் ஜூனில் பிரஸ் ஷாப் இன்சார்ஜ் பதவி காலியானது. இண்டர்வியூவுக்கு இருவர் பெயர்தான். அவர், நான்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு பெட்டி பிராக்கெட்டில் துளைகள் மயிரிழை விலகியிருப்பதைக் கண்டுபிடித்தேன். சிவப்பு அட்டை கட்டி, மூன்றாவது தூண் பக்கத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். சிவப்பு அட்டை கட்டிய பெட்டியை யாரும் அனுப்பக் கூடாது. அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் தூண் பக்கம் காலி. எதிரே லாரியில் அதே பிராக்கெட் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இண்டர்வியூவுக்கு முன் நல்ல பெயர் வாங்குவதற்காகத் தேவா சார் அட்டையைக் கழற்றிச் சரக்கை அனுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நிறுத்தி வைத்த பெட்டி இடம் மாறினால் முதலில் என் மேஜையில் இருக்கும் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான். அன்று மேஜைக்குப் போகவில்லை, நேராக டைப்பிஸ்ட் கோமதி அம்மாவிடம் போனேன்.

எங்கள் ஆபீஸில் மெமோ இங்கிலீஷில்தான் போகும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் நிறுத்திய சரக்கை என் அனுமதியில்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள். தன் பெயருக்காகத் தரத்தை விற்பவருக்குப் பொறுப்பான பதவி எதற்கு என்று நிர்வாகம் யோசிக்க வேண்டும்.' கார்பன் வைத்து மூன்று பிரதி. முதல் தாள் அவருக்கு, ஒன்று ஒர்க்ஸ் மேனேஜருக்கு, ஒன்று பர்சனல் ஆபீஸில் அவருடைய பைலுக்கு.

"சார், கொஞ்சம் பொறுத்து அனுப்பலாமே. டீ குடிச்சிட்டு ஒருவாட்டி படிச்சுப் பாருங்க," என்றார் கோமதி அம்மா.

"டைப் அடிக்கிறது மட்டும்தாம்மா உங்க வேலை," என்றேன். அவரிடமும் பின்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதிவேட்டைத் திறந்தேன். தேவா சார் கையெழுத்தில் இருந்தது: 'மாலை மழை. கூரை ஒழுகல். பெட்டி தூண் பக்கத்திலிருந்து ரிஜெக்ட் கூண்டுக்கு மாற்றப்பட்டது. சிவப்பு அட்டை அப்படியே உள்ளது.' ஓடிப்போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் தார்ப்பாய் போர்த்தி என் பெட்டி காய்ந்தபடி இருந்தது. அட்டை நனையாமல் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தார். லாரியில் ஏறியது அதற்கு முதல் நாள் நானே சரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட வேறு பெட்டி.

அவரைத் தேடிப் போனேன். மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க தேவா சார். ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே, உன் ரிஜிஸ்டர்ல," என்றார். பிறகு மெல்ல, "திட்டனது மூணு காப்பி. மன்னிப்பு மட்டும் காதுலயா சம்பந்தம்? அதுலயும் பாதிய எம்மேல தள்ற," என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தேவா சாருடைய இண்டர்வியூவை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். "உங்க புகார் நிக்குதா? நாளைக்குக் காலைல சொல்லுங்க," என்றார். 'சார், அது தப்பு' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "சரி சார்," என்று வந்துவிட்டேன்.

திரும்பும் வேனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் பதவி எனக்கு. வாயைத் திறந்தால் பதவி அவருக்கு, என் அவசரபுத்தி என் பைலுக்கு. அவர் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவரைச் சுற்றி அரட்டை இருக்கும். அன்று பக்கத்து சீட் காலி. புகார் வந்த ஆளோடு ஒட்டி உட்கார யோசிக்கிறார்கள் என்று புரிந்தது. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட காட்சி அது. பார்க்கச் சகிக்கவில்லை.

காலையில் கோமதி அம்மா முன் நின்றேன். முதலில் சொன்ன வாசகத்தை 'மழை காரணமாக' என்று ஆரம்பித்தேன், உடனே நீக்கச் சொன்னேன். 'தவறு ஏற்பட்டிருந்தால்' என்றேன், அதையும் நீக்கினோம். தவறு தானாக ஏற்படவில்லை, நான்தான் செய்தேன். கடைசியில் நின்றது இது:

'நேற்று நான் அனுப்பிய மெமோவில் இருந்தது உண்மையல்ல. திரு. தேவசகாயம் பெட்டியை விதிப்படி மாற்றி, பதிவும் செய்திருந்தார். பார்க்காமல் எழுதியது நான். தரத்தை விற்பவர் என்று நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. முதல் மெமோ போன எல்லா இடத்துக்கும் இதுவும் போகிறது.'

"மூணு காப்பியா சார்?"

"மூணு."

எங்கள் பர்சனல் ஆபீஸில் பைலில் ஏறிய தாளுக்கு நம்பர் போட்டுவிடுவார்கள், கிழிக்க முடியாது. என் வசைக்கு அடுத்த பக்கமாக என் மன்னிப்பு ஏறியது. அதற்குள் விஷயம் ஷாப் முழுக்கப் பரவியிருந்ததால், காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தமிழில் வாசித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் வந்தார். "பாக்காம எழுதனது நான்னு போட்டியே, அது போதும்பா. ஆனா ஒடனே பழைய மாரி சிரிக்க வராது. கொஞ்ச நாள் ஆவும்." அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் எழுதின சம்பந்தம்?"

"அவசரம் சார்."

"அவசரமா," என்று என்னையே பார்த்தார். "சரி."

பதவி அவருக்குக் கிடைத்தது. வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தபோதும் வயிறு எரியத்தான் செய்தது. மன்னிப்புக் கேட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு பதிவேட்டைப் பார்க்காமல் நான் வாய் திறந்ததில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஐந்தாறு வாரம் கழித்து ஒருநாள் டப்பாவைத் திறந்துகொண்டே, "சம்பந்தம், இப்டி வந்து குந்து. வஞ்சிர மீன் கீது," என்றார். போய் உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்தது இரண்டு மாதம்கூட இல்லை.

படப்பையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் தெரு முனைவரை நின்றது. அரக்கோணத்தில் இருக்கும் அவருடைய தம்பி என் பெயரை விசாரித்துக்கொண்டு வந்தார். அண்ணன் தம்பி எட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தது எங்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது.

"எங்கம்மா சாவுக்கு நான் லேட்டா வந்தேன் சார். ஆஸ்பத்திரில கெடந்தேன், அது அண்ணனுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பெத்தவள அனாதையா விட்டவன்னு லெட்டர் போட்டாரு. ஊரெல்லாம் சொன்னாரு. ஆகஸ்ட்ல இது வந்துச்சு. படிச்சிட்டு அன்னிக்கே கெளம்பி வந்துட்டேன். ரெண்டு மாசமா அண்ணன் வூட்லதான் ஞாயித்துக்கிழம சாப்பாடு. உங்களப் பத்தி சொன்னாரு சார்." ஒரு இன்லண்ட் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

'ஞானராஜு, நான் அப்போ எழுதனதுல இருந்தது உண்மை இல்ல. உன்ன கேக்காம எழுதனது நான். மன்னிப்பு கேக்கறேன், மன்னிச்சுத்தான் ஆவணும்னு இல்ல. அப்போ உன்ன பத்தி யார் யார்கிட்ட தப்பா சொன்னனோ, அவங்க வூட்டுக்கெல்லாம் போய் மாத்தி சொல்லிட்டேன்.'

என் வாக்கியங்கள். மூன்று மேஜைகளுக்கு அனுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவர் படப்பையில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். அங்கேயே, அந்தப் பந்தலுக்குள்ளேயே, எனக்கு மறுபடி அவர் மீது பொறாமை வந்தது. என் வார்த்தையை எடுத்து என்னைவிட நன்றாக நடந்துவிட்டாரே!

நேற்று அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். மேஜை டிராயரில் என் மன்னிப்பு மெமோவின் முதல் தாள் இருந்தது. ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதியிருந்தார், அடித்து அடித்துத் திருத்தியிருந்தார். அடியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

தேவா சார், அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். அவசரத்தால் எழுதவில்லை. உங்களைப் பார்த்து ஏழு வருஷம் பொறாமைப்பட்டேன், அதனால் எழுதினேன். இங்கே எழுதிய எல்லாவற்றையும் கோமதி அம்மாவிடம் கொடுத்து மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று ஷாப் நோட்டீஸ் போர்டுக்கு, ஒன்று உங்கள் வீட்டுக்கு, ஒன்று உங்கள் பைலில் அந்த இரண்டு தாளுக்கு அடுத்த பக்கமாக. போய் வாருங்கள் சார்.