பெரியத்தான் போடச் சொன்ன ‘இல்லை’

என் கணவரின் அண்ணனை, நாங்கள் பெரியத்தான் என்று அழைப்பவரை, நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் யோசனையும் இல்லை. வயது போகப்போகக் கோபம் ஆறும் என்கிறார்கள். என்னுடையது ஆறவில்லை, கெட்டியாகிவிட்டது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையைவிட்டு வந்தவர்கள் நாங்கள். சிட்னியில் ஹோம்புஷில் அடுக்குமாடி ஒன்றில் ஒரு பிளட். நான் வெஸ்ட்மீட்டில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்தேன். எங்களுடைய ஒரே மகள் பிறக்கும்போதே மூளைக்குப் போதிய காற்றுப் போகாமல் பிறந்தவள். நடக்க மாட்டாள். தானாகச் சாப்பிட மாட்டாள். நாங்கள் தமிழில் கதைத்தால் சிரிப்பாள், ஆங்கிலத்தில் கதைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்கூடக் காலம் முடிந்ததும் அவளுக்குப் போக ஓர் இடமில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்கும் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் விட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் அழுதாள். கூட்டிவந்துவிட்டேன்.

2006 ஆகஸ்டில் குடிசனக் கணக்கெடுப்பு வந்தது. படிவத்தை நிரப்பப் பலருக்குப் பயம். ஆகவே பெரியத்தான் தலைவராக இருந்த தமிழ்ச் சங்கம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் மேசை போட்டு எல்லாருக்கும் உதவி செய்தது. எனக்கு அன்று வேலை. என் கணவர் எங்கள் படிவத்தையும் கொண்டுபோய் நிரப்பி, ஒட்டி, பிறகு வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

இரண்டு வருடம் கழித்து, என்னைப்போன்ற ஏழு தாய்மார் சேர்ந்து அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு ஒரு விண்ணப்பம் கொண்டுபோனோம். தமிழ் கதைக்கும் பணியாளர்களோடு வாரத்தில் ஒரு நாள், ஒரு வான், ஒரு மண்டபம். அவ்வளவுதான் கேட்டோம். அந்த அலுவலகத்தில் இருந்த பெண் கெட்டவள் இல்லை. ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். எங்கள் பகுதியில், வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில், அன்றாடக் காரியங்களுக்கு இன்னொருவரின் உதவி தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று அதில் கணக்கெடுப்பு தந்த ஓர் எண் இருந்தது. அந்த அறையில் இருந்த எங்களைவிடக் குறைவான எண்.

“நான் உங்களை நம்புகிறேன். ஆனால் பணம் பிரிக்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். தேவை இருக்கும் இடத்துக்குத்தான் பங்கு போகும். உங்கள் தேவை இதில் இல்லை,” என்றாள்.

பிறகு வெற்றுக் கணக்கெடுப்புப் படிவம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். குளித்தல், உடுத்தல், சாப்பிடுதல். உடம்பை அசைத்தல், நடமாடுதல். மற்றவர்களோடு பேசிப் புரிந்துகொள்ளுதல். மூன்றுக்கும் யாராவது உதவிக்கோ பக்கத்திலோ தேவையா என்று கேள்வி. எப்போதும், சிலசமயம், இல்லை என்று பதில். நான்காவது கேள்வி காரணத்தைக் கேட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நோய், இயலாமை, வயது என்று பல பெட்டிகள். அவற்றில் ஒன்று ‘ஆங்கிலம் பேசுவதில் சிரமம்’. அதை மட்டும் குறித்தவர் இந்த எண்ணில் வரமாட்டார் என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன்.

“பிள்ளைக்கு என்ன போட்டனீங்கள்?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அண்ணைதான் சொன்னவர், எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு போடு எண்டு. நோய் வருத்தம் இருக்கெண்டு எழுதினா இமிகிரேசனுக்குப் போயிடுமாம். உம்மட தம்பியாக்களை இஞ்ச கூப்பிடேலாமப் போயிடுமாம்.”

“அதை நம்பினீங்களோ?”

“அங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவர். நான் மட்டும் என்னெண்டு மாத்திப் போடுறது?”

எங்கள் படிவம் இமிகிரேசனுக்குப் போகாது. சட்டமே அதைத் தடுக்கிறது. பெரியத்தான் விசாரிக்கவில்லை. அவருக்கு உண்மையில் இருந்தது வேறு பயம். அவருடைய மகளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதை அவர் எந்தத் தாளிலும் பார்க்க விரும்பவில்லை. ஒரு பேனாவால் என் மகளை நடக்க வைத்து, சாப்பிட வைத்து, கதைக்க வைத்தார். மண்டபத்துக்கு வந்த மற்றவர்களின் பிள்ளைகளையும்தான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் மூன்று வருடம். நாங்களே எண்ணுவோம் என்று கிளம்பினோம். மற்றத் தாய்மார் நன்மைக்காக வந்தார்கள். நான் வன்மத்தோடு போனேன். அவர் அழித்த ஒவ்வொரு தலையையும் திருப்பி எழுதி, அந்தத் தாள்கட்டை அவர் மேசையில் போட வேண்டும் என்றே கதவு கதவாகத் தட்டினேன்.

முதல் வீட்டில் நான் கேட்ட கேள்வியே பிழை.

“அன்ரி, உங்கட வீட்டில இயலாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“இல்லைப் பிள்ளை, கடவுள் புண்ணியத்தில ஒருத்தரும் இல்லை.”

அவர் பின்னால், பழைய சாறத் துணியால் கதிரையோடு கட்டப்பட்டபடி அவருடைய கணவர் இருந்தார்.

வேறு மாதிரிக் கேட்டேன். “அங்கிள் தானாக் குளிப்பாரோ, ஆரும் கிட்ட நிக்கோணுமோ?”

“ஐயோ, நான்தான் தண்ணி வாக்கிறனான். விட்டா விழுந்துபோவார்.”

“எவ்வளவு காலமா?”

“மூண்டு வருசம் வரும்.”

இயலாமை என்ற சொல்லுக்கு அவர் இல்லை என்றார். குளிப்பைக் கேட்டதும் ஓம் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தச் சொல்லை எந்த வாசலிலும் உச்சரிக்கவில்லை. யார் தண்ணி வார்க்கிறது, யார் ஊட்டுகிறது, எவ்வளவு காலமாக என்று மட்டும் கேட்டோம். பெயர் எழுதாமல், அவர்களின் சம்மதத்தோடு எண்ணினோம். அலுவலகப் பெண் எங்கள் தாள்கட்டைப் புரட்டிவிட்டு, இது அரசாங்க எண்ணுக்கு ஈடாகாது, ஆனால் ஒரு வருடப் பரீட்சார்த்த உதவி கேட்கப் போதும் என்றாள். கிடைத்தது. 2009 தொடக்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வான் ஓடத் தொடங்கியது. இடங்கள் குறைவு. யாருக்கு முதலில் இடம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்றாவது வாரம் பெரியத்தான் மண்டபத்துக்கு வந்தார். அவர் மனைவிக்குப் பாரிசவாதம். வலது பக்கமும் பேச்சும் போய்ப் பல வருடம். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லுவதில்லை. அவரே தூக்கித் தூக்கி இடுப்பு முறிந்திருந்தது.

“அவவையும் சேத்துக்கொள்ளும்,” என்றார், மெல்ல.

“இருங்கோ அத்தான். எல்லாரையும் கேக்கிற கேள்விதான்.”

தாய்மார் எல்லாரும் அங்கே இருந்தார்கள். தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

“அக்கா தானாக் குளிப்பாவோ?”

“இல்லை.”

“முழுசாச் சொல்லுங்கோ. எப்பவும் ஆள் வேணுமோ, சிலநேரமோ?”

“எப்பவும்.”

“நடக்க?”

“எப்பவும்.”

“கதைக்க?”

“ஓம். எப்பவும்.”

“ரெண்டாயிரத்தி ஆறில, அவவுக்கு என்ன போட்டனீங்கள்?”

அவர் கதவைப் பார்த்தார். நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.

“கதைக்கிறதுக்கு மட்டும் ‘எப்பவும்’ எண்டு போட்டனான்,” என்றார். “காரணம்... இங்கிலீஷ் தெரியாது எண்டு.”

பின்வரிசையில் ஒரு தாய் வாய்விட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பல வருடத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

இடம் கொடுத்தேன். அக்கா செய்த குற்றம் ஒன்றுமில்லை.

வீட்டில் கணவர், “வயசான மனுசனை இப்பிடிச் சபையில வைச்சுக் கேட்டிருக்க வேண்டாம்,” என்றார்.

“வேணுமெண்டுதான் கேட்டனான்,” என்றேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வான் அவர்கள் வாசலில் நிற்கும்போது, பெரியத்தான் அக்காவைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வருவார். நான் இறங்கிப் போய், “வாங்கோ அக்கா,” என்று அக்காவை மட்டும் கூப்பிடுவேன். கதிரைப் பட்டியைப் பூட்டிவிட்டு வான் கதவை இழுத்துச் சாத்துவேன். வான் நகரும்போது அவர் கையை உயர்த்துவது பக்கக் கண்ணாடியில் தெரியும்.