அட்டென்ஷனை நீக்கிப் பார்த்த வரிசை

மாலை நான்கு மணிக்கு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். காலை பதினோரு மணிக்குத்தான் அதிலிருந்த தவறைக் கவனித்தேன்.

திருச்செங்கோட்டுக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். டீப் லேர்னிங் பாடத்துக்கு இருவர் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. விசைத்தறித் துணியின் படத்தைக் கொடுத்தால் இழை அறுந்த இடத்தையும் எண்ணெய்க் கறையையும் மாடல் கண்டுபிடிக்கும். என்னோடு செய்தவள் நாமக்கல் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவள். படத்தில் முக்கியமான இடத்தை மாடல் கூர்ந்து பார்ப்பதற்காக நாங்கள் சேர்த்த அட்டென்ஷன் பகுதி அறிக்கையின் தலைப்பிலேயே இருந்தது. அதை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற எதையும் மாற்றாமல் மறுபடி பயிற்றுவித்தால் துல்லியம் எவ்வளவு குறைகிறது என்று அப்லேஷன் அட்டவணை காட்ட வேண்டும். நான்கு புள்ளி குறைந்ததாகக் காட்டியது.

பயிற்சி ஓடிய விவரம் பதிவாகும் லாக் ஃபைலைச் சரிபார்த்தேன். அட்டென்ஷன் உள்ள மாடலுக்குப் பயிற்சி நாற்பது சுற்று ஓடியிருந்தது. இல்லாததற்கு இருபதே சுற்று. அதை ஓட்டிய அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று சேலத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன். மறுநாள், அதுவரை சேமித்திருந்த மாடலையே சோதித்து எண்ணை எழுதிவிட்டேன். மறந்துதான் போனேனா, எண் நன்றாக இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

“ஏனுங்க்கா, மூஞ்சி இப்படிப் போயிருச்சு? பாப்பாவுக்கு மறுக்கா காய்ச்சலுங்களா?” என்று எதிரே இருந்தவள் கேட்டாள்.

“நம்ம அட்டவணைக்குத்தான்” என்று திரையைத் திருப்பினேன்.

பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். “லாக்கை யாருங்க்கா தொறந்து பாக்கப் போறாங்க? நாலு புள்ளி ஏறுச்சுன்னு ரெஸ்யூமேல போட்டு அனுப்பிட்டனுங்க்கா. புதன்கிழமை இன்டர்வியூ.”

அது எனக்குத் தெரியாது. அவள் வேலையைக் கெடுக்க நான் யார் என்று தோன்றியது. “நாலே மணி நேரத்துல மறுபடி ஓட்டிப் பாத்துரலாம்மா. ஒருவேளை அந்த நாலே நின்னாலும் நின்னுரும்” என்றேன். நம்பித்தான் சொன்னேனா என்று தெரியவில்லை.

ஆய்வகத்தின் இரண்டு கணினிகளில் இரண்டு மாடல்களையும் ஓட்டினோம். அதே படங்கள், அதே நாற்பது சுற்று. பயிற்சி தற்செயலாகத் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் மும்முறை.

மூன்று மணிக்குச் சராசரி வந்தது. வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. ஒரே மாடலின் மூன்று ஓட்டங்களுக்குள்ளேயே அதைவிட அதிக ஏற்ற இறக்கம் இருந்தது.

அவளுக்காகவோ எனக்காகவோ, அட்டென்ஷன் “ஸ்லைட்லி” உதவுகிறது என்று அறிக்கையில் தட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்தாள்.

“அந்த ஸ்லைட்லிய எடுத்துருங்க்கா. ஒதவுச்சான்னே நமக்குத் தெரியாது. பொய் சொல்றதுன்னா நாலுன்னே சொல்லீருக்கலாமுங்க.”

எடுத்தேன். எங்கள் தரவில் இந்தப் பகுதி உதவியதாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினேன். ஆறு ஓட்டங்களின் எண்களையும் கொடுத்தேன். முந்தைய ஓட்டம் பாதியில் நின்றதால் அதைத் தள்ளிவிட்டோம் என்றும் சேர்த்தேன். தலைப்பிலிருந்து அட்டென்ஷன் போனது.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவேற்றினோம். அவள் கைபேசியில், இன்டர்வியூவுக்கு அழைத்திருந்த நிறுவனத்துக்குத் திருத்தம் எழுதத் தொடங்கினாள். முதல் வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

“என்னன்னு ஆரம்பிக்கறதுங்க்கா?”

நானும் அவளருகே குனிந்தேன்.