தகுதியுள்ளவர் எவருமில்லை

ஒரகடத்தில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிப்போம். அடிப்பவை ரோபோக்கள். அவற்றைக் கட்டி மேய்த்தவர் பெயிண்ட் லைனின் பராமரிப்புப் பொறுப்பாளர். வாலாஜாபாத்துக்காரர். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே ஊரில் அறை எடுத்திருந்ததால், காலையில் இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். நான் அவரை அண்ணே என்பேன். என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் கணக்குப்பிள்ளை என்பார். எனக்குத்தான் அடிக்கடி கோபம் வரும், அவருக்கு வந்ததை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுமத்தைச் சேர்ந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்து, செலவழித்த மணிநேரத்துக்கு பில் அனுப்பும். சொந்தக்காரக் கம்பெனிக்குக் காசு போனால் வருமான வரித்துறை சும்மா விடாது. லாபத்தைத்தான் உதவி என்று பெயர் மாற்றி வெளியே அனுப்புகிறீர்களோ என்று சந்தேகப்படும். சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாங்கியிருந்தாலும் இந்த விலைதான் கொடுத்திருப்போம் என்று காட்டும் ஆவணத்தை நாங்கள் ஆண்டுதோறும் தயாரித்து வைக்க வேண்டும்.

முந்தைய ஓர் ஆண்டின் கோப்பைப் பார்த்த அதிகாரி, "ஒப்பந்தம் இருக்கு, பில் இருக்கு. உதவி வந்ததுக்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டு, அந்த உதவியின் நியாயமான விலை பூஜ்யம் என்று முடிவு கட்டிவிட்டார். கொடுத்த கட்டணம் முழுவதும் எங்கள் வருமானத்தில் சேர்க்கப்பட்டது. மேல்முறையீடு இன்னும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருந்தவர் செய்த கோப்பு அது. என் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷ ஃபைல்ல ஓட்டை இருந்தா உன்னைத்தான் கேப்பேன்" என்றார்.

வெளிநாட்டு நிறுவனம் தன் செலவின் மேல் வைக்கும் லாபம், அதே வேலையைச் செய்யும் மற்ற நிறுவனங்கள் வைக்கும் லாபத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சென்னையிலிருந்த ஆலோசகரின் வேலை. உதவி தேவைப்பட்டதா, வந்ததா, அதனால் பயன் உண்டா என்று காட்டுவது என் வேலை. இன்னொன்றையும் ஆலோசகர் சொல்லிவைத்தார்: "அதே வேலையை உங்க ஆளே செய்யறார்னு தெரிஞ்சா, ஒரே வேலைக்கு ரெண்டு செலவு எதுக்குன்னு கேப்பாங்க."

அண்ணனிடம் போய் நின்றேன். அவர் தன் மின்னஞ்சல்களையெல்லாம் திறந்து காட்டினார். படித்தபோது எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பித்தது: எங்களுக்குப் புரியவில்லை, தயவுசெய்து வழிகாட்டுங்கள். மழைநாளில் பெயிண்டில் குண்டூசி முனை அளவுக்குப் பள்ளம் விழுந்ததற்கும் அப்படித்தான் எழுதியிருந்தார். காற்றழுத்தக் குழாயில் ஈரம் ஏறுவதுதான் காரணம் என்று அன்று காலை பஸ்ஸிலேயே என்னிடம் சொன்ன மனிதர் அவர்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்ணே தெரியாதுன்னு எழுதுறீய?"

"அட நீ ஒண்ணு. அங்கேர்ந்து ஓகே வராம ரோபோல ஒரு செட்டிங்கூட மாத்தக்கூடாது. எனக்குத் தெரியும்னு எழுதுனா அவன் ஒரு வாரம் ஆர்க்யூ பண்ணிக்கினு இருப்பான். தெரியலன்னு எழுதுனா ரெண்டு நாள்ல அவனே கண்டுபுடிச்ச மாதிரி அனுப்புவான். நமக்கு லைன் ஓடுனா சரி, இன்னா இப்போ?"

எங்கள் ஆலையில் எல்லோருமே அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கோ அந்த மின்னஞ்சல்கள் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தன. இதைவிட நல்ல அத்தாட்சி எந்த அதிகாரிக்கு வேண்டும்? கேள்வி, பதில், பேசிய நேரம், அதன்பின் குறைந்த கழிவு என்று வரிசையாகக் கோத்தேன். அழைப்புகளின் பட்டியலை அண்ணன் சரிபார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். பட்டியலுக்கு முன்னால் நான் வைத்திருந்த விளக்கத்தையும் படிக்கச் சொன்னேன். "நீ எழுதினா கரெக்டாத்தான் இருக்கும், போ" என்று விட்டார்.

அந்த விளக்கத்தில்தான் இருந்தது அந்த வாக்கியம். ஆலோசகர் அனுப்பிய வரைவு, ரோபோவின் நிரலை மாற்றும் உரிமையும் கருவிகளும் இந்திய நிறுவனத்திடம் இல்லை என்று மட்டும் சொன்னது. அது உண்மை. அதுவே போதும். எனக்குத்தான் போதவில்லை. யாரும் எங்கும் கைவைக்க முடியாதபடி இருக்கட்டும் என்று நான் என் கையால் சேர்த்தேன்: பெயிண்ட் கோளாறுகளின் காரணத்தைக் கண்டறியும் தகுதியுள்ளவர் எவரும் இந்திய நிறுவனத்தில் இல்லை. எழுதிவிட்டு, நல்ல வாக்கியம் என்று இன்னொரு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்த மூதேவி நான்.

அக்டோபர் முடிவதற்குள் கோப்பு தயாராகி, தணிக்கையாளரின் அறிக்கையும் வரித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பொங்கல் கழிந்து, பெயிண்ட் பிரிவுக்குத் தொழில்நுட்பத் தலைவர் என்று புதிதாக ஒரு பதவி வந்தது. அது அண்ணனுக்குத்தான் என்று கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பதினெட்டு வருடமாக அந்த லைனில் இருந்தவர். டிப்ளமோ படிப்பு என்பதால் இரண்டு முறை பதவி உயர்வு தட்டிப்போயிருந்தது. இது வந்தால் மகளை விருப்பப்பட்ட கல்லூரியில் சேர்ப்பேன் என்று பஸ்ஸில் சொல்லியிருந்தார்.

அந்தப் பதவிக்கு ஆளை முடிவு செய்யும் கூட்டத்துக்கு என் மேலாளர் நான் தயாரித்த வரிக் கோப்பை எடுத்துக்கொண்டு போனார். காரணங்களைக் கண்டறியும் தகுதி இங்கே யாருக்கும் இல்லை என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம், சில மாதத்தில் அவரையே தலைவராக்கினால் அதிகாரி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார் என்றார். வெளிநாட்டு நிறுவனத்திலிருந்தே ஒருவரை அனுப்பினார்கள்.

மனிதவளப் பிரிவில் அண்ணன் காரணம் கேட்டிருக்கிறார். பக்கத்தை எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பஸ் தென்னேரி தாண்டியதும் கேட்டார்:

"அந்த லைனை நீதான் எழுதுனியாமா?"

ஆலோசகர் மேல் பழியைப் போட ஒரு நொடி நாக்கு துடித்தது. "நாந்தாண்ணே" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கரெக்டாத்தான் எழுதிக்கிறே. எம் மெயிலப் படிச்சா எவனா இருந்தாலும் அப்டித்தான் எழுதுவான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "ஆனா உனக்குத் தெரியும்ல, தங்கச்சி?" என்றார்.

எனக்குத் தெரியும். அந்த ஆலையில் கணக்குப் பிரிவில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அழுதேன், கைக்குட்டையை நீட்டினார். ஏப்ரலில் அவர் ராஜினாமா செய்தார். பென்னலூர்ப் பக்கம் சின்னக் கம்பெனி ஒன்றில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை போன் செய்தேன். "இங்க யாருக்கும் மெயில் போட வேணாம், நிம்மதியாக் கீது" என்றார். மகள் எங்கே சேர்ந்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மழைக்காலம் வந்தது. பம்பர்களில் மறுபடியும் பள்ளங்கள். ஈரமாயிருக்கும் என்று சொல்ல லைனில் ஆளில்லை. புதிய தலைவர் தன் நாட்டுக்கு எழுதிக் கேட்டார், பதில் வந்தது, பில்லும் வந்தது.

அக்டோபரில் அடுத்த ஆண்டுக்கான ஆவணத்தைத் திறந்தேன். பழைய விளக்கத்தை அப்படியே நகலெடுத்து, ஆண்டை மட்டும் மாற்றித் திருத்துவதுதான் வழக்கம். அந்த வாக்கியத்தை அடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். முழுதாக ஒருமுறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை. இப்போது அது உண்மையாகிவிட்டிருந்தது.