எதிர்க்கடைப் படிகாரம்

அச்சுவேலிச் சந்தையடியில் சலூன் வைத்திருக்கும் மகேந்திரலிங்கத்துக்கு, எதிர்க்கடை ஜெபசீலனைக் கண்டாலே வயிறு எரியும். ஆட்களெல்லாம் அங்கேதான் போனார்கள். சவரம் முடிந்ததும் ஜெபசீலன் ஒவ்வொருவருக்கும் புதுப் படிகாரத் துண்டை நனைத்துத் தேய்த்து, அதையே கொடுத்தனுப்புவான்.

ஒருநாள் மகேந்திரலிங்கம் பொறுக்க முடியாமல் அவன் கடைக்குள் நுழைந்து, எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டார்.

“வேர்வைக்குப் பூசிற ரோல்-ஓனிலை அலுமினியம் எண்டு சனம் பயப்பிடுது. உந்தப் படிகாரத்திலையும் அதுதான் இருக்கு, தெரியுமோ?”

“ஓம் அண்ணை, பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்புத்தான். சின்ன வெட்டிலை ரத்தத்தை நிப்பாட்டும். கமக்கட்டிலை பூசினா நாத்தக் கிருமியை அடக்கும். வேர்வையைக் குறைக்கிறதெண்டா கடையிலை விக்கிற ரோல்-ஓன்தான் நல்லம். வாசத்துக்கெண்டா உங்கடை கடையிலை சவரத்துக்குப் பிறகு பூசிற போத்தல் லோஷன் நல்லம், ஆனா அதிலை இருக்கிற அல்கஹோல் எரிக்கும்.”

காத்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒளிக்காமல் சொல்வதால்தான் அவனை நம்புகிறார்கள் என்று மகேந்திரலிங்கத்துக்கு விளங்கியது. அதனால் பொறாமை இன்னும் கூடியது. மறுவாரம் அவரும் படிகாரம் வாங்கி வைத்தார். எதிர்க்கடையைப் பார்த்துப் புழுங்குவதை மட்டும் அவரால் விட முடியவில்லை.