தொட்டிக்குப் பின்னால் ஒருத்தி

அலுவலகத்தில் அவளுக்கு ‘இஸ்-ஆர் அக்கா’ என்று பட்டப்பெயர். சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் அச்சிடும் இடம் அது. ஓவியர் படம் போட்டுத் தருவார். அந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஒரு நாய் ஓடினால் "The dog is running." இரண்டு ஓடினால் "The dogs are running." ஒன்றுக்கு is, ஒன்றுக்கு மேல் போனால் are, கடைசியில் ing. ‘இவ்வளவுதானா?’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும்.

இந்த வேலை அவளை விட்டபாடில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் "A man is yawning" என்று மனசுக்குள் வரி ஓடும். கணவரும் மாமனாரும் சோஃபாவில் சாய்ந்து குறட்டை விட்டால் "They are snoring." இதை மட்டும் வெளியே சொல்லமாட்டாள்.

அவளுடைய மகள் முதல் வகுப்பு. அந்தப் பள்ளியிலும் இவர்கள் அச்சிட்ட தாள்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி இருக்கும். சரியானதை வட்டமிட வேண்டும். போன வாரம் பாப்பா கொண்டுவந்த தாளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம். "A girl is watering the plants" என்பதை விட்டுவிட்டு, "Two girls are watering the plants" என்பதைச் சுற்றி வைத்திருந்தாள்.

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா" என்றாள் பாப்பா.

அம்மா படத்தைப் பார்த்தாள். ஒரு பெண், ஒரு பூவாளி, வரிசையாகத் தொட்டிகள். அவளே எழுதிய வரி, அவளே போட்ட விடை. "நல்லாப் பாரு கண்ணு, ஒருத்திதான்" என்று சொல்லி, ரப்பரைக் கையில் கொடுத்து அழிக்கவும் வைத்தாள். பாப்பா அழித்தாள்.

அதற்குப் பிறகு வந்தது வினை. அதுவரை ஒரு படம் கிடைத்தால் ஊர்க்கதையெல்லாம் அளக்கும் குழந்தை, அடுத்த தாளை நீட்டி, "நீயே சொல்லிடும்மா, அதையே சுத்திடுறேன்" என்றது. படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிள்ளைகள் படம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை வருஷமாக அம்மா வரி எழுதுகிறாள்? பெற்ற பிள்ளையே கண்ணை மூடிக்கொண்டால் என்ன செய்வது?

அப்படி எதைத்தான் பார்த்தாள் இவள் என்ற குடைச்சலில், மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பாப்பாவின் செடிப் படத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முறை பெண்ணை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். பூவாளியிலிருந்து ஒரு தாரை. கடைசித் தொட்டியில் இன்னொரு தாரை. அது எங்கிருந்து விழுகிறது? விரலை மேலே நகர்த்தினாள். இலைக்கு நடுவே ஒரு சின்னக் குவளை, அதைப் பிடித்த நான்கு விரல். தொட்டிக்குக் கீழே இரண்டு குட்டிச் செருப்பு.

தாளோடு நேராக ஓவியரிடம் போனாள்.

"இது யாரு?"

"ஓ, அதுவா? கலர் அடிக்கும்போது அந்த மூலை வெறிச்சுன்னு இருந்துச்சுக்கா. ஒரு குட்டிப் பொண்ணைப் போட்டேன். ஏன், நல்லா இல்லையா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பென்சில் படம் வந்த உடனே வரி எழுதிக் கொடுத்துவிட்டு, கலர் படத்தைத் திரும்பப் பார்க்காதது யார்? எல்லாரும் அவசரத்தில் செய்கிற வழக்கம்தான். அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டுகூட, அவள் பார்த்தது மனசில் பதிந்திருந்த பழைய பென்சில் படத்தைத்தான். அன்றைக்கே பள்ளிக்குப் போன் போட்டு விடையை மாற்றச் சொன்னாள். இனி கலர் படம் வராமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று மேலாளரிடமும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் தாளைப் பாப்பா முன்னால் வைத்தாள். அழித்த வட்டத்தின் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"நீ சொன்னதுதான் சரி கண்ணு. அம்மா சரியாப் பாக்கல."

பாப்பா நம்பாமல் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அந்தத் தடத்தின் மேலேயே அழுத்தி வட்டம் போட்டாள்.

"ஆமா, அந்தப் பொண்ணு ஏன் ஒளிஞ்சிக்கிட்டிருக்கா?" என்று கேட்டாள் அம்மா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பாப்பா நெடுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"அவ ஒளியலம்மா. குட்டியா இருக்கா, அதான் உனக்குத் தெரியல."