தாலிக்கு மேல் ஒரு ஸ்கிப் பட்டன்

ஓடிடி ஆப் ஒன்றின் தி.நகர் ஆபீசில் சீரியல்களைக் கேட்டு, டைட்டில் பாட்டும் முன்கதையும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று எட்டு வருஷம் நொடிக்கணக்கில் குறித்தவன் நான். புதிதாக வந்த பெண் ஒரு புரோகிராம் எழுதினாள். எல்லா எபிசோடிலும் திரும்ப வரும் ஒலியை அதுவே கண்டுபிடித்து ஸ்கிப் பட்டன் வைத்தது. அவளுக்குக் கேக் வெட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சரிபார்ப்பது மட்டும் என் வேலையானது.

ஒரு எபிசோடில் கல்யாணக் காட்சிக்கே டைட்டில் பாட்டு முழுசாக ஓடியது. புரோகிராம் அதையும் டைட்டில் என்றது. அவள் மாட்டட்டும் என்று ஓகே கொடுத்தேன்.

வீட்டில் மனைவி ஸ்கிப்பை அழுத்திவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, இவ கழுத்துல எப்போ தாலி ஏறிச்சு?”

மறுநாள் புகார் வந்தது. அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள்: “சார், இத நீங்க பாக்கலியா?”

“பாக்கலம்மா” என்றேன். உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது.